ஒரே 6.5, இரண்டு காரணங்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும் நிதிக் கொள்கைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் திண்டுக்கல்காரன். ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிதிக் கொள்கை அறிவிப்பு வரும் நாட்களில் காலை பத்து மணிக்கு ஆளுநரின் உரையை போனில் போட்டுக் கேட்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. உரை முடிந்து அரை மணி நேரத்துக்குள் தெரிந்தவர்கள் யாராவது கூப்பிடுவார்கள். பெரும்பாலும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன்களை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்கள்தான். கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "என் தவணை குறையுமா சார்?"

2023 பிப்ரவரியில், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 6.5 சதவீதத்தில் வந்து நின்றது. 2025 பிப்ரவரியில்தான் அது 6.25 ஆனது. இடையில் பதினொரு கூட்டங்கள். பதினொரு தடவையும் நான் அவர்களுக்குச் சொன்ன பதில் "மாற்றமில்லை". அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "காய்கறி விலை இப்படி இருக்கே, அதுக்கு ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஆளுநரின் உரையில் பதில் இருந்தது. ஆனால் அது கேட்டவர்களிடம் போய்ச் சேரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தப் பதினொரு "மாற்றமில்லை"களுக்குள் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காரணங்கள் ஒளிந்திருந்தன. 2023 ஆகஸ்டில் விலை ஏறியும் வட்டியை ஏற்றவில்லை. 2024 ஆகஸ்டில் விலை இறங்கியதுபோல் தெரிந்தும் வட்டியை இறக்கவில்லை. இரண்டு நாளும் தலைப்புச் செய்தி ஒன்றே. மக்களுக்கு அது வங்கி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. இரண்டுமே யோசித்து எடுத்த முடிவு என்பது என் கருத்து. முதல் முடிவு முழுக்கச் சரி. இரண்டாவதும் பெரும்பாலும் சரிதான், ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதை நீங்கள் போதுமான அளவுக்குச் சொல்லவில்லை.

முதலில் 2023. அந்த வருடம் தக்காளி எப்படி ஏறியது என்பதை ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பக்கத்தில் வசிக்கும் எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருடத் தொடக்கத்தில் விலை அடிமட்டத்தில் கிடந்தது. பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாத விலை என்றால் விவசாயி மருந்தடிக்க மாட்டார், அடுத்த நடவையும் குறைப்பார். அப்புறம் கோடை வெயில், கோலார் பக்கம் இலைச்சுருட்டு நோய், வடக்கே ஜூன் மழை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஜூலையில் சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது.

நுகர்வோர் விலைக் குறியீடு என்பது ஒரு குடும்பத்தின் நூறு ரூபாய்ச் செலவைப் பிரித்துப் பார்க்கிற கணக்கு. அப்போது நடப்பில் இருந்த கணக்கில், அந்த நூறு ரூபாயில் தக்காளியின் பங்கு சுமார் 57 காசு. காய்கறி எல்லாம் சேர்த்து ஆறு ரூபாய். 2023 ஜூனில் பணவீக்கம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தது. ஜூலையில் அது 7.44 சதவீதம். ஒரே மாதத்தில் இரண்டரை சதவீதப் புள்ளிக்கும் மேல். அந்த ஜூலையில் காய்கறி விலை முந்தைய வருட ஜூலையைவிட 37 சதவீதம் அதிகம். ஆறு ரூபாய்ப் பங்குள்ள பொருள் 37 சதவீதம் ஏறினால் மொத்தக் கணக்கில் இரண்டு ரூபாய்க்கும் மேல் கூடும். அதாவது ஏறியதில் பெரும்பகுதி அந்த ஒரு கூடையில்தான். தக்காளி மட்டும் மூன்று மடங்காகியிருந்தது.

ஆகஸ்ட் 10 அன்று, ஜூலைக் கணக்கு வெளிவருவதற்கு முன்பே, அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் இது வரப்போகிறது என்று சொன்னார். அந்த வருடத்துக்கான பணவீக்க மதிப்பீட்டை 5.1-லிருந்து 5.4-ஆக உயர்த்தினார். இருந்தாலும் வட்டியில் கை வைக்கவில்லை. குழுவின் ஆறு பேரும் அதற்கே வாக்களித்தார்கள். காய்கறி விலை அதிர்ச்சி சீக்கிரமே திரும்பிவிடும், அதைக் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது உரையின் சாரம்.

இதன் பின்னால் உள்ள நியாயம் எளிமையானது. ரெப்போவை ஏற்றினால் வங்கிகள் பணம் வாங்கும் விலை ஏறும். அவை கடனுக்கு வட்டியை ஏற்றும். கடன் வாங்குகிறவர்கள் தயங்குவார்கள். பைக் விற்பனை குறையும், நூற்பாலைக்காரர் புது இயந்திரத்தைத் தள்ளிப்போடுவார், செலவு மட்டுப்படும், விலை அடங்கும். இது முழுதாக வேலை செய்ய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். தக்காளி நாற்று நட்டால் மூன்று மாதத்துக்குள் காய் வந்துவிடும். வட்டியை ஏற்றி அது சந்தைக்கு வந்து சேர்வதற்குள் பல பறிப்பு முடிந்திருக்கும். அதோடு, வட்டி ஏறினால் ஒரு செடிகூடக் கூடுதலாகக் காய்க்காது. நட்டம் எல்லாம் நூற்பாலைக்கும் பைக் கடைக்கும்தான்.

அன்றைய தேதியிலேயே இன்னொரு செய்தியும் வந்தது. நேபாளத்திலிருந்து தக்காளி இறக்குமதி தொடங்கிவிட்டதாக நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். தமிழ்நாடு அரசு ஜூலையிலேயே சென்னையின் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ அறுபது ரூபாய்க்குத் தக்காளி விற்க ஆரம்பித்திருந்தது. தக்காளிக்கான மருந்து அதுதான்: லாரி, கிடங்கு, இறக்குமதி. அது அரசின் கையில் இருக்கிறது, மும்பையில் உங்கள் மேசையில் இல்லை. இந்த ஒரு வரியை ஆளுநர் வாயால் பச்சையாகச் சொல்லியிருந்தால், எனக்கு வந்த போன் கால்களில் பாதி வந்திருக்காது.

நடந்தது என்ன? ஆகஸ்டில் பணவீக்கம் 6.83. செப்டம்பரில் 5.02. ஜூலையில் தங்கம்போல் விற்ற தக்காளியை செப்டம்பரில் ஆந்திராவில் விவசாயிகள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஏற்றாமல் இருந்தது சரி என்று இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது.

சரி, அப்படியென்றால் சாப்பாட்டுப் பொருள் விலை ஏறினால் எப்போதும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதை எனக்குப் புரியவைத்தது உங்கள் அறிக்கை இல்லை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் சாப்பிடும் ஒரு மெஸ்.

அங்கே சுவரில் ஒரு விலைப் பலகை உண்டு. நீலப் பின்னணியில் வெள்ளை பெயின்ட். "அளவு சாப்பாடு 80" என்று இருந்தது. 2023 ஜூலைக் கடைசியில் அந்த 80-இன் மேல் ஒரு வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 90 என்று எழுதியிருந்தார் உரிமையாளர். "தக்காளி இறங்கட்டும் சார், கிழிச்சுப்புடலாம்" என்றார். தாள் ஒட்டியதே அதற்காகத்தான், இல்லாவிட்டால் பெயின்டரைக் கூப்பிட்டிருப்பார். செப்டம்பரில் தக்காளி இறங்கியது. தாள் கிழியவில்லை. தீபாவளிக்கு முன்னால் கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார்: "மாஸ்டருக்கு நாளைக்கு அம்பது ரூபா கூட்டியாச்சு. அரிசி மூட்டை ஏறிருச்சு. பருப்பு இறங்கவே மாட்டேங்குது. எலை போடுற பையனும் கேக்குறான், அவன் வீட்லயும் அதே பருப்புதான சார்." பொங்கலுக்குப் பிறகு போனபோது தாளைக் காணோம். பலகையில் புது பெயின்டில் 90 என்று எழுதியிருந்தது.

உங்கள் உரைகளில் "இரண்டாம் சுற்று விளைவு" என்று வருகிறதே, அது இதுதான். முதல் சுற்று தக்காளி. அது வரும், போகும். இரண்டாம் சுற்றில் அது மாஸ்டரின் கூலியில் ஏறுகிறது. கூலி ஏறினால் யாரும் திரும்ப இறக்க மாட்டார்கள், இறக்கவும் கூடாது. தாள் ஒட்டியிருக்கும் வரை வட்டிக்கு அங்கே வேலையில்லை. பெயின்ட் அடித்துவிட்டால் அது உங்கள் வேலை. ஒரு வருடத்துக்குள் நாடு முழுக்க எத்தனை பலகையில் தாள் பெயின்ட் ஆகிறது என்பதைத்தான் நீங்கள் அறைக்குள் உட்கார்ந்து கணிக்கிறீர்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டுப் பார்க்கும் பணவீக்கம் அதற்கு ஓர் அடையாளம். சென்னை உட்பட 19 நகரங்களில் வீடு வீடாகப் போய், அடுத்த மூன்று மாதத்தில், அடுத்த ஒரு வருடத்தில் விலை எவ்வளவு ஏறும் என்று நினைக்கிறீர்கள் என்று ரிசர்வ் வங்கி கேட்கிறதே, அது இன்னோர் அடையாளம்.

இப்போது 2024-க்கு வருகிறேன். 2023 நவம்பர் முதல் 2024 ஜூன் வரை எட்டு மாதம் உணவுப் பொருள் பணவீக்கம் எட்டு சதவீதத்துக்குக் கீழே வரவே இல்லை. தக்காளி போனால் வெங்காயம், வெங்காயம் போனால் பருப்பு, அப்புறம் உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றும் தற்காலிகம்தான். ஆனால் தற்காலிகங்கள் வரிசை கட்டி வந்தால் வாங்குகிறவனுக்கு அது நிரந்தரம். ஆகஸ்ட் 8 அன்று ஆளுநர் தாஸ் சொன்னது இதுதான்: உணவு விலை சீக்கிரம் போய்விடும் என்றால் பொறுத்துப் பார்க்கலாம், இப்படி நீடிக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குழுவில் நான்கு பேர் இதே வட்டி நீடிக்கட்டும் என்றார்கள். ஆஷிமா கோயலும் ஜெயந்த் வர்மாவும் கால் சதவீதம் குறைக்கலாம் என்றார்கள்.

அந்த இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. உணவையும் எரிபொருளையும் கழித்த பணவீக்கம் அந்த நேரத்தில் சுமார் மூன்று சதவீதம்தான். என் மெஸ் உதாரணத்தில் சொன்னால், நிறையப் பலகைகளில் தாள் இருந்தது, பெயின்ட் இன்னும் பரவவில்லை. இருந்தும் நான் பெரும்பான்மை பக்கம்தான் நிற்பேன். ஆகஸ்ட் 8-க்குச் சில நாள் கழித்து வந்த ஜூலைக் கணக்கு மூன்றரைக்குச் சற்று மேலே இருந்தது. அது முந்தைய ஜூலையின் தக்காளி உச்சத்தோடு ஒப்பிட்டதால் கிடைத்த கண்கட்டு. அக்டோபரிலேயே பணவீக்கம் 6.21-க்குப் போய்விட்டது, காய்கறி மட்டும் 42 சதவீதம். ஆகஸ்டில் குறைத்திருந்தால் அக்டோபரில் முழித்திருப்போம்.

உணவை விட்டுவிட்டு மற்றவற்றின் விலையை மட்டும் வைத்து இலக்கு வைத்துக்கொள்ளலாமே என்று 2024 ஜூலையில் அரசின் பொருளாதார ஆய்வறிக்கை யோசனை சொன்னது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்போதைய கணக்கில் உணவும் பானங்களும் நூறில் கிட்டத்தட்ட 46 ரூபாய். எங்கள் ஊரில் தினக்கூலிக் குடும்பத்துக்கு அது அதைவிட அதிகம். வீட்டுச் செலவில் பாதியை விலக்கிவிட்டு "விலை கட்டுக்குள் இருக்கிறது" என்று ஆளுநர் பேசினால், அப்புறம் அவர் பேசும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பிக்கை போனால் தாள் ஒட்டுகிறவர் முதல் நாளே பெயின்டரைக் கூப்பிட்டுவிடுவார்.

ஆனால் அந்தப் பொறுமைக்குப் பணம் கட்டியது யார்? 2022 தொடக்கத்தில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனை ஏழு சதவீதத்தில் இருபது வருடத்துக்கு வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 23,259 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறியது. ரெப்போவோடு கட்டப்பட்ட கடன் என்பதால் அவருடைய வட்டி ஒன்பதரை ஆனது. 30 லட்சத்துக்கு ஒன்பதரை என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 23,750. தவணையைவிட வட்டி அதிகம். தவணையை மாற்றாமல் விட்டால் அசல் குறையவே குறையாது, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் வளரும். அதே இருபது வருடத்தில் முடிக்க வேண்டும் என்றால் தவணை 27,964 ஆக வேண்டும். மாதம் 4,700 ரூபாய் கூடுதல். என்னைக் கூப்பிட்டவர்களில் ஒரு பள்ளி ஆசிரியர், தன் கடன் 58 வயதில் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தவர், அறிக்கையை வாங்கிப் பார்த்தபோது 71 என்று இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. காலத்தை நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. 2023 ஆகஸ்ட் 10-இன் அதே உரையில், தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும், நிலையான வட்டிக்கு மாற வழி தர வேண்டும் என்ற அறிவிப்பு இருந்தது. எட்டு நாளில் சுற்றறிக்கையும் வந்தது. நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த உரையில் சாதாரணக் கடன்காரருக்கு மிகவும் தேவைப்பட்ட பகுதி அதுதான். அது கடைசியில், மற்ற அறிவிப்புகளோடு ஒன்றாக வந்து போய்விட்டது. அந்த ஆசிரியருக்கு அதை நான் சொல்லித்தான் தெரியும்.

உரைகளில் மனதில் நிற்கிற பேச்சு இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரலில் பணவீக்கத்தை யானை என்றார் ஆளுநர், அது உலாவப் போயிருக்கிறது என்றார். அக்டோபரில் குதிரை என்றார், லாயத்தைத் திறந்தால் ஓடிவிடும் என்றார். தொலைக்காட்சிகள் யானையையும் குதிரையையும் காட்டின. அது எந்த விலை, எந்தக் கூலி, எந்தத் தவணை என்பது மட்டும் விட்டுப்போனது. அதனால், ஒரு நீண்ட அறிக்கைக்குப் பிறகு மூன்று நிமிடம் பொதுமக்களுக்காக மட்டும் பேசுங்கள் என்று கேட்கிறேன். 2024 ஆகஸ்டில் நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

"வணக்கம். இன்று வட்டியை நாங்கள் மாற்றவில்லை. காய்கறியும் பருப்பும் விலை அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். வட்டியை ஏற்றினால் அந்த விலை இறங்காது. விளைச்சல், கிடங்கு, இறக்குமதி இவைதான் அதை இறக்கும், அது அரசின் பொறுப்பு. அப்படியானால் ஏன் குறைக்கவில்லை என்று கேட்பீர்கள். உணவு விலை எட்டு மாதமாக உயரத்திலேயே இருந்துவிட்டது. அது கூலிக்கும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பரவிவிட்டால் பிறகு இறங்காது. இதுவரை பரவவில்லை. பரவாது என்று உறுதியாகத் தெரியும் வரை காத்திருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளில் கேட்கும் கணக்கையும், உணவல்லாத பொருட்களின் விலையையும் பார்ப்போம். இரண்டும் அடங்கியிருந்து, உணவு விலையும் இறங்க ஆரம்பித்தால் குறைப்போம். இந்தக் காத்திருப்பின் சுமை கடன் கட்டுகிறவர்கள் மேல் விழுகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. உங்கள் கடன் காலத்தை உங்களைக் கேட்காமல் நீட்ட வங்கிக்கு அனுமதி இல்லை. நீட்டியிருந்தால் கிளையில் எழுத்தில் கேளுங்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் இன்றே குறைக்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணமும் நியாயமானது, நாங்கள் தவறாகவும் இருக்கலாம்."

இதில் ரகசியம் எதுவும் இல்லை. எல்லாமே உங்கள் அறிக்கைகளிலும் கூட்டக் குறிப்புகளிலும் சிதறிக் கிடப்பதுதான். கடைசி வாக்கியம் மட்டும் கடினமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2022-இல் தொடர்ந்து மூன்று காலாண்டு பணவீக்கம் உங்களுக்கு வைத்த மேல் எல்லையான ஆறு சதவீதத்தைத் தாண்டியபோது, சட்டப்படி நீங்கள் அரசுக்கு விளக்கக் கடிதம் எழுதினீர்கள். ஏன் தவறியது, என்ன செய்யப் போகிறோம் என்று எழுத வேண்டிய கடிதம் அது. எங்கள் விலைவாசியைப் பற்றிய அந்தக் கடிதத்தை எங்களுக்குக் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2025-இல் காற்று மறுபக்கம் வீசியது. அக்டோபரில் உணவுப் பொருள் விலை முந்தைய வருடத்தைவிட ஐந்து சதவீதம் குறைந்து, மொத்தப் பணவீக்கமே 0.25 சதவீதம் ஆனது. அப்போது ரெப்போ ஐந்தரையில் இருந்தது. "விலையே ஏறல, வட்டி மட்டும் ஏன் சார் இவ்வளவு?" என்று ஆசிரியர் கேட்டார். தக்காளி ஏறியபோது அதன்கூடவே ஏற்றாதவர்கள், இறங்கும்போது அதன்கூடவே இறக்க மாட்டார்கள் என்று சொன்னேன். டிசம்பரில் கால் சதவீதம் குறைந்தது. அவர் உடனே புரிந்துகொண்டார், ஏனென்றால் 2023 கதையை அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன்.

மோசடி எச்சரிக்கைகளைத் தமிழில் எங்கள் போனுக்கே அனுப்புகிறீர்கள், நன்றாக இருக்கிறது. இந்த மூன்று நிமிடத்தையும் அறிவிப்பு வரும் அன்றே தமிழில், மற்ற மொழிகளிலும் கொடுங்கள். வட்டி விகிதப் பலகை தொங்கும் ஒவ்வொரு கிளையிலும் அதன் பக்கத்தில் ஒரு தாளில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அடுத்த நாள் நான் வேலை பார்த்த கிளைக்குப் போய் அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
திண்டுக்கல்